போகாதே என்று சொல்லும் சம்பளம்

ராஜினாமா மெயில் அனுப்பிய இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மேனேஜர் தனியாகக் கூப்பிடுவார். "அங்க எவ்வளவு தர்றாங்க?" என்று கேட்பார். அடுத்த வாரமே ஹெச்ஆரிடமிருந்து ஒரு தொகை வரும். ஏப்ரல் மாதம் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத உயர்வு, டிசம்பரில் கேட்காமலே மேசைக்கு வந்துவிடும். இதைத்தான் கவுண்டர் ஆஃபர் என்கிறோம். கையில் ஏற்கெனவே புது நிறுவனத்தின் ஆஃபர் லெட்டர் இருக்கும்போது இது வந்தால் என்ன செய்வது? டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம். சென்னை ஐடி நிறுவனங்களையே களமாக வைத்துக்கொள்கிறேன். அங்கே நோட்டீஸ் பீரியட் பெரும்பாலும் 90 நாள் என்பதால், இந்தக் கேள்வி மற்ற இடங்களைவிட நீண்ட நாள் மனதைப் பிசைகிறது.

முதலில், ஏப்ரலில் இல்லாத பணம் இப்போது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாவிட்டால் ஒன்று கோபம் வரும், இல்லை தலைக்கனம் வரும். இரண்டுமே முடிவைக் கெடுக்கும்.

ஆண்டு இன்கிரிமென்ட் என்பது மேலிடம் முன்கூட்டியே ஒதுக்கும் பொதுத் தொகை. உங்கள் மேனேஜருக்கு அதில் ஒரு பங்கு வரும். அதைத் தன் குழுவில் எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். உங்களுக்குக் கூட்டினால் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குக் குறைக்க வேண்டும். ஆனால் நீங்கள் ராஜினாமா செய்த அன்று கணக்கே மாறிவிடுகிறது. உங்கள் இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் எடுத்தால், அவரும் இன்றைய சந்தை விலையைத்தான் கேட்பார். அவர் தன் நோட்டீஸை முடித்து வந்து சேர மூன்று மாதம், வேலையைப் புரிந்துகொள்ள மேலும் இரண்டு மூன்று மாதம். அதுவரை கிளையன்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். பில்லிங் நின்றால் அந்த நஷ்டம் வேறு. இதையெல்லாம் கூட்டிப் பார்க்கும்போது உங்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பதே மலிவு என்று தெரிகிறது. அதற்கான ஒப்புதல் இன்கிரிமென்ட் தொகையிலிருந்து வருவதில்லை. டெலிவரி ஹெட்டும் ஹெச்ஆரும் தனியாகக் கொடுக்கிறார்கள்.

ஆக, நிறுவனம் செய்வது ஏமாற்று வேலை அல்ல. உங்கள் அருமை திடீரென்று புரிந்துவிட்டது என்றும் பொருள் அல்ல. அடுத்த ஆறு மாதத்துக்கு அவர்களுக்கு வரப்போகும் ஒரு சிக்கலுக்கு அவர்கள் விலை போடுகிறார்கள். அந்த ஆறு மாதம் கழிந்த பிறகு, நீங்கள் ஒத்துக்கொண்டதில் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் நீங்கள் போட வேண்டிய கணக்கு. எல்லா கேள்விகளையும் இந்த ஒரே இடத்திலிருந்து கேட்டுக்கொண்டால் குழப்பம் தானாகக் குறையும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். தாம்பரத்தில் வீடு, சிறுசேரியில் அலுவலகம் என்று இருக்கும் ஒரு பெண். இந்த நிறுவனத்தில் சேர்ந்து 4 ஆண்டு 10 மாதம் ஆகிறது. சிடிசி 12 லட்சம். கிண்டியில் உள்ள வேறொரு நிறுவனம் 17 லட்சத்துக்கு ஆஃபர் கொடுத்திருக்கிறது. ராஜினாமா செய்கிறார். பழைய நிறுவனம், "நாங்களும் 17 லட்சம் தருகிறோம், இங்கேயே இரு" என்கிறது. அங்கேயும் பதினேழு, இங்கேயும் பதினேழு; பழகிய இடம், பழகிய ஆட்கள். இருந்துவிடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இரண்டு கடிதங்களையும் பிரித்துப் பார்க்கும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. புது நிறுவனத்தின் 17 லட்சத்தில் ஃபிக்ஸட் 14.5 லட்சம், வேரியபிள் 1.5 லட்சம், ஜாயினிங் போனஸ் 1 லட்சம். பழைய நிறுவனத்தின் 17 லட்சத்தில் ஃபிக்ஸட் 13.8 லட்சம், வேரியபிள் 1.4 லட்சம், மிச்சம் 1.8 லட்சம் ரிடென்ஷன் போனஸ். அந்தப் போனஸ் பன்னிரண்டு மாதம் கழித்துத்தான் வரும். அன்றைக்கு நோட்டீஸில் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு.

இங்கே முதல் வேலை, ஒரே ஒரு முறை வரும் பணத்தை இரண்டு பக்கமும் எடுத்துவிடுவது. ஜாயினிங் போனஸும் ரிடென்ஷன் போனஸும் சம்பளம் ஆகாது. இரண்டாம் ஆண்டில் அவை இருக்காது. அடுத்த உயர்வின் சதவீதமும் அவற்றின் மேல் கணக்கிடப்படாது. எடுத்துவிட்டால் புது இடத்தில் 16 லட்சம், பழைய இடத்தில் 15.2 லட்சம். சமம் என்று சொன்ன இரண்டுக்கும் நடுவே ஆண்டுக்கு 80,000 ரூபாய் இடைவெளி வந்துவிட்டது.

இரண்டாவது வேலை, வேரியபிளை உள்ளபடி எடைபோடுவது. கடிதத்தில் எழுதியிருப்பது அதிகபட்சம். கையில் எவ்வளவு வந்தது என்பது பழைய சம்பளச் சீட்டுகளில் இருக்கும். இந்தப் பெண்ணுக்குக் கடந்த இரண்டு ஆண்டும் 60 சதவீதம்தான் வந்திருக்கிறது. அப்படியானால் 1.4 லட்சத்தை 84,000 என்றுதான் எடுக்க வேண்டும். புது இடத்தில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று அங்குள்ள ஹெச்ஆரைக் கேட்கலாம். பதில் வரும்வரை அதையும் அதே 60 சதவீதமாக, 90,000 என்றே வைப்போம். இப்போது 15.4 லட்சத்துக்கு 14.64 லட்சம்.

மூன்றாவது, சிடிசியில் எழுதப்படாத செலவு. பழைய நிறுவனத்தில் பெற்றோருக்கான மருத்துவக் காப்பீட்டைக் கம்பெனியே கட்டுகிறது. புது இடத்தில் அதற்கு ஆண்டுக்கு 30,000 சம்பளத்தில் பிடிப்பார்கள். வித்தியாசம் 46,000 ஆகச் சுருங்குகிறது. மாதம் நான்காயிரத்துக்கும் கீழே, அதுவும் வரிக்கு முன்னால். கூடவே இரண்டு கடிதங்களிலும் ஃபிக்ஸடுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நிறுவனத்தின் பிஎஃப் பங்கையும் கிராஜுவிட்டியையும் சில இடங்களில் ஃபிக்ஸடுக்குள் சேர்த்து எழுதுவார்கள், சில இடங்களில் தனியாக எழுதுவார்கள். மாதம் வங்கிக்கு எவ்வளவு வரும் என்ற பிரிப்பை இரு ஹெச்ஆரிடமும் கேட்டு வாங்கினால் இந்தச் சந்தேகம் தீரும்.

இந்தக் கணக்கு முடிந்ததும் பலருக்கு ஒரு தெளிவு வரும். 12 லட்சத்திலிருந்து 17 லட்சம் என்ற பெரிய தாவல் இரண்டு பக்கமும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது சின்னத் தொகை. ஆகவே முடிவைப் பணம் எடுத்துத் தராது. நீங்கள் ஏன் வேலை தேட ஆரம்பித்தீர்கள் என்பதுதான் எடுத்துத் தரும்.

அதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதல் இன்டர்வியூவுக்குப் போன நாளில் மனதில் என்ன இருந்தது? இந்தப் பெண்ணின் தாளில் முதல் இரண்டு வரி இவை. மூன்று வருடமாக ஒரே சப்போர்ட் வேலை, டெவலப்மென்ட் பக்கம் போகவே முடியவில்லை. மாதத்தில் இரண்டு வாரம் இரவு ஷிஃப்ட். சம்பளம் குறைவு என்பது மூன்றாவது வரியில் வருகிறது. கவுண்டர் ஆஃபர் கடிதத்தை அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தால், முதல் இரண்டு வரிக்கும் அதில் ஒரு பதிலும் இல்லை. மூன்றாவது வரிக்கு மட்டும் பதில் இருக்கிறது.

இங்கே உடனே மறுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கவுண்டர் ஆஃபரை ஏற்றவர்களில் இத்தனை சதவீதம் பேர் ஆறு மாதத்தில் வெளியேறிவிடுகிறார்கள் என்று ஒரு எண் ஊரெல்லாம் சுற்றுகிறது. யார், எங்கே, எப்படி எண்ணினார்கள் என்ற விவரம் அதோடு வருவதில்லை. அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். தாளில் உள்ள வரிகளைக் கொண்டுபோய் மேனேஜரிடம் கேட்பதுதான் சரியான வழி. கேட்டுவிட்டால், தெரிய வேண்டியது அங்கேயே தெரிந்துவிடும்.

கேட்கும் விதம் இப்படி இருக்கலாம்: "தொகை ஓகே. ஆனா நான் கிளம்பறதுக்கு முக்கியக் காரணம் வேலைதான். டெவலப்மென்ட் ப்ராஜெக்டுக்கு எந்தத் தேதியில மாத்துவீங்க? நைட் ஷிஃப்ட் எப்ப முடியும்? இந்த ரெண்டையும் ஹெச்ஆர் மெயில்ல போட்டுத் தர முடியுமா?" மேனேஜர் நல்லவராகவே இருப்பார், உண்மையிலேயே உதவ நினைப்பார். "கிளையன்ட் அப்ரூவல் வரணும்மா. ரெண்டு மூணு மாசத்துல பண்ணிடலாம், நான் இருக்கேன்ல" என்பார். அந்த வார்த்தை பொய் இல்லை. ஆனால் அவரால் கொடுக்க முடிந்தது அவருடைய விருப்பத்தை மட்டும்தான். மூன்று மாதத்தில் அவரே வேறு அக்கவுன்டுக்கு மாறிவிட்டால், புதிதாக வருபவருக்கு இந்தப் பேச்சு நடந்ததே தெரியாது. தேதியோடு எழுத்தில் வராத வாக்குறுதியைக் கணக்கில் பூஜ்யமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதே சமயம், தேதி போட்டு எழுத்தில் வந்துவிட்டால் அது பெரிய விஷயம்; அப்போது இருந்துவிடுவது நியாயமான முடிவாக இருக்கலாம்.

எழுத்தில் கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: "வர்ற ஏப்ரல் இன்கிரிமென்டுக்கு நான் எலிஜிபிளா?" இடையில் உயர்வு வாங்கியவர்களை அடுத்த சுற்றில் சேர்ப்பதில்லை என்பது பல நிறுவனங்களில் விதி. சேர்த்தாலும் இன்னொரு தடை வரும். ஒவ்வொரு கிரேடுக்கும் குறைந்தபட்ச சம்பளம், அதிகபட்ச சம்பளம் என்று ஒரு வரம்பு இருக்கும். அதில் மேல் பகுதியில் இருப்பவருக்கு உயர்வு சதவீதம் குறைவாகவே கிடைக்கும். கவுண்டர் ஆஃபர் உங்களை ஒரே நாளில் அந்த மேல் பகுதிக்குக் கொண்டுபோய்விடும். அதே கிரேடில் வைத்துக்கொண்டு சம்பளத்தை மட்டும் கூட்டினால், அடுத்த இரண்டு ஆண்டின் உயர்வை இன்றைக்கே வாங்கிக்கொண்டது போலத்தான். புது நிறுவனத்தில் உங்கள் 14.5 லட்சம் அந்த கிரேடின் நடுவில் இருந்தால், அங்கே மேலே ஏற இடம் இருக்கிறது. ஆகவே கிரேடு மாறுகிறதா என்றும் கேளுங்கள்.

இந்தக் கேள்விகளுக்கு இரண்டு நாள் போதும். "எனக்கு ரெண்டு நாள் டைம் குடுங்க, புதன்கிழமை சொல்லிடறேன்" என்று நாளைச் சொல்லிக் கேளுங்கள். சொன்ன நாளில் பதில் சொல்லிவிடுங்கள். வாரக்கணக்கில் இழுத்தால் இரண்டு பக்கமும் நம்பிக்கை போகும். அந்த இரண்டு நாளில் புது நிறுவனத்தின் பக்கத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஆஃபர் லெட்டர்கள் பெரும்பாலும் பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டவை. அது முடிந்ததா, சேரும் தேதி உறுதியா என்று ஒரு மெயில் போட்டுப் பதில் வாங்குங்கள். சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள், மெயிலுக்குப் பதில் இல்லை, போனில் மட்டும் பேசுகிறார்கள் என்றால், பழைய இடத்தின் கதவைச் சாத்துவதற்கு முன் யோசிக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். ஆஃபரை ஏற்று மெயில் அனுப்பிய பிறகு, பழைய நிறுவனம் சொன்ன தொகையை எடுத்துக்கொண்டு புது நிறுவனத்திடம் மறுபடி பேரம் பேசாதீர்கள். ஏற்பதற்கு முன் பேசுவது முறை. ஏற்ற பின் பேசினால் சேரும் முன்பே பெயர் கெட்டுப்போகும்.

நம் உதாரணத்தில் ஹெச்ஆர் தொகைக்கு மட்டும் கடிதம் கொடுத்தது. ப்ராஜெக்ட் மாற்றத்தை எழுதித்தர இயலாது என்றது. ஏப்ரல் இன்கிரிமென்ட் கிடையாது என்றும் சொல்லிவிட்டது. அந்தப் பெண் மறுக்க முடிவு செய்கிறார்.

மறுப்பதும் ஒரு கலைதான், ஆனால் எளியது. அலுவலக மெயில் ஆங்கிலத்தில் போகும். அதன் பொருள் நான்கு வாக்கியத்துக்கு மேல் போக வேண்டாம். நீங்கள் முயற்சி எடுத்ததற்கு நன்றி. யோசித்துப் பார்த்தேன், என் ராஜினாமா முடிவில் மாற்றமில்லை. என் கடைசி வேலைநாள் இந்தத் தேதி என்பதை உறுதிசெய்து கொடுங்கள். அதுவரை வேலையை ஒப்படைக்கும் திட்டத்தை இந்த வாரமே அனுப்புகிறேன். இவ்வளவே. குறைகளைப் பட்டியல் போட வேண்டாம். ஒவ்வொரு குறைக்கும் ஒரு சமாதானம் வரும், பேச்சு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

மெயிலுக்குப் பிறகு டெலிவரி ஹெட் கூப்பிடக்கூடும். "எவ்வளவு குடுத்தா இருப்ப?" என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி. முடிவெடுத்தவர் இதற்கு எந்த எண்ணும் சொல்லக் கூடாது. மரியாதைக்காக 20 என்று சொல்லிவைத்தால், அவர் போய் 20-க்கு ஒப்புதல் வாங்கி வந்துவிடுவார். அப்போது மறுப்பது வாக்குத் தவறியது போல ஆகிவிடும். "இது தொகை விஷயம் இல்ல சார், வேற வேலை பண்ணணும்னு முடிவு பண்ணிட்டேன். ஹேண்ட்ஓவரை நல்லபடியா முடிச்சுத் தர்றேன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். போகும் நிறுவனத்தின் பெயரையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்தப் பெண்ணுக்கு ஒரு தனி எச்சரிக்கையும் உண்டு. புது நிறுவனம், "நோட்டீஸ் பணத்தை நாங்க கட்டிடறோம், முப்பது நாள்ல வந்து சேருங்க" என்கிறது. ஆனால் ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்குத்தான் கிராஜுவிட்டி என்பது நிரந்தர ஊழியருக்கான பொது விதி. 4 ஆண்டு 10 மாதத்தில் ராஜினாமா கொடுத்தவர் 90 நாளையும் முடித்தால் ஐந்தாண்டைத் தாண்டிவிடுவார். முப்பது நாளில் போனால் தாண்டமாட்டார். கிராஜுவிட்டிக்குக் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளம் 40,000 என்றால், அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, ஐந்து ஆண்டுக்குப் பெருக்க வேண்டும். சுமார் 1,15,000 ரூபாய். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் முடித்தாலே உரிமை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதை வைத்து வாதாடி வாங்குவதைவிட, நோட்டீஸை முழுதாக முடித்து உரிமையோடு வாங்குவது நிம்மதி. ஆகவே முழு நோட்டீஸையும் முடித்துத்தான் வருவேன் என்று புது நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும்.

புது இடத்தின் ஜாயினிங் போனஸ் விதியையும் படித்துவிடுங்கள். ஓர் ஆண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கும். கையில் வருவது வரி பிடித்த தொகை. பல இடங்களில் திருப்பிக் கேட்பது வரி பிடிக்காத முழுத் தொகை. ரிடென்ஷன் போனஸை முன்கூட்டியே வாங்கினாலும் இதே கதைதான்.

இனி மறுபக்கம். ப்ராஜெக்ட் மாற்றம் தேதியோடு வந்தது, கிரேடு உயர்ந்தது, ஏப்ரலுக்கும் தகுதி உண்டு என்று எழுதிக் கொடுத்தார்கள் என்று வையுங்கள். அப்போது இருந்துவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வரிசை மட்டும் மாறக் கூடாது. முதலில், திருத்திய சம்பளக் கடிதம் எந்த மாதத்திலிருந்து நடைமுறை என்ற தேதியோடு, கையொப்பத்தோடு வர வேண்டும். அடுத்து, ராஜினாமாவைத் திரும்பப் பெற்றதை நிறுவனம் ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வர வேண்டும். "போர்ட்டல்ல வித்ட்ரா பண்ணிடு, லெட்டர் அடுத்த வாரம் வந்துடும்" என்றால் பொறுமையாகக் காத்திருங்கள். கடிதம் வருவதற்கு முன் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுவிட்டால் உங்கள் கையில் இருந்த ஒரே பிடியும் போய்விடும்.

இரண்டும் கைக்கு வந்த அன்றே புது நிறுவனத்துக்குச் சொல்லிவிட வேண்டும். சேரும் நாள் வரை மௌனமாக இருந்து, அன்றைக்கு போனை எடுக்காமல் விடுவது நம் ஊரில் சகஜமாகிவிட்டது. அப்படிச் செய்தவர் பெயர் அந்த நிறுவனத்தின் பட்டியலில் நீண்ட நாள் நிற்கும். ஆஃபர் கொடுத்த ரெக்ரூட்டரை போனில் கூப்பிட்டு, "என் நிறுவனத்துலயே நான் கேட்ட வேலை கிடைச்சிருக்கு, அதனால சேர முடியல. உங்க நேரத்தை எடுத்துக்கிட்டதுக்கு மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, அதையே மெயிலிலும் அனுப்புங்கள். உங்களுக்கு அடுத்த இடத்தில் தேர்வாகி, இடம் இல்லை என்ற பதிலோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இருப்பார். நீங்கள் இரண்டு மாதம் முன்னதாகச் சொன்னால் அந்த வேலை அவருக்குப் போகும்.